வட்டத்துக்குள் நிற்கிறேன், கொடியைக் காணோம்: ஓரியன்டியரிங் பிழைகளை அறிகுறி வைத்துத் தேடுவது

மட்டக்களப்பாருக்குத் திசை சொல்லித்தரத் தேவையில்லை. வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. சூரியன் எழுகிற பக்கமும் படுகிற பக்கமும் ஊர்ப் பெயரிலேயே இருக்கின்றன. ஆனால் அதே ஊர்ப் பிள்ளைகளின் கையில் ஒரு வரைபடத்தையும் கொம்பாஸையும் கொடுத்துப் பற்றைக்குள் அனுப்பிப் பாருங்கள், பத்தாவது நிமிடத்தில் நேர் எதிர்ப்பக்கமாக ஓடிக்கொண்டிருப்பார்கள். சாரணப் பிள்ளைகளுக்கு இதைப் பழக்கத் தொடங்கியதிலிருந்து நான் பார்த்த தவறுகள் திரும்பத் திரும்ப ஒன்றேதான். அதனால் பாடமாக எழுதாமல், பிள்ளைகள் வந்து சொல்லும் முறைப்பாட்டிலிருந்தே தொடங்குகிறேன்.

விளையாட்டைத் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. வரைபடத்தில் ஊதா நிற முக்கோணம் புறப்படும் இடம். எண் போட்ட வட்டங்கள் கண்ட்ரோல்கள். இரட்டை வட்டம் முடிவிடம். ஒவ்வொரு வட்டத்தின் நடுப்புள்ளியிலும் தரையில் ஏதோ ஒரு அடையாளம் இருக்கும்: ஒரு புற்று, ஒரு மதகு, ஒரு வேலி மூலை. அங்கே செம்மஞ்சளும் வெள்ளையுமாக, ஒரு பக்கம் 30 சென்ரிமீற்றர் கொண்ட முக்கோணக் கொடி தொங்கும். எண் வரிசைப்படி போய், ஒவ்வொன்றிலும் பஞ்ச் அடித்துவிட்டு வரவேண்டும். எந்த வழியாகப் போவது என்பது உங்கள் பாடு.

"சேர், மப்பில் இடதுபக்கம் காட்டுது, இங்க வலதுபக்கம் கிடக்கு"

பெரும்பாலும் வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார்கள். தலைகீழ் என்றால் எழுத்து தலைகீழாக இருப்பதல்ல. எழுத்து நேராக இருப்பதுதான் இங்கே சிக்கல். பள்ளிப் புத்தகம் வாசித்த பழக்கத்தில், எண்களும் தலைப்பும் வாசிக்கத் தோதாக இருக்கும்படி பிடித்துக்கொண்டு தெற்கே நடப்பார்கள். தெற்கே நடக்கும்போது வரைபடத்தின் வடக்கு உங்கள் வயிற்றுப் பக்கம் இருக்கவேண்டும், எழுத்துகள் தலைகீழாகத் தெரியவேண்டும். அப்போதுதான் தாளில் இடதுபக்கம் உள்ள வாய்க்கால் தரையிலும் இடதுபக்கம் வரும்.

திருத்தும் விதம்: கொம்பாஸை வரைபடத்தின் மேல் வையுங்கள். ஓரியன்டியரிங் வரைபடத்தில் மேலிருந்து கீழாக இணையான கோடுகள் ஓடும், அவை காந்த வடக்கைக் காட்டுபவை. ஊசியின் சிவப்பு முனை அந்தக் கோடுகளோடு ஒத்து, வரைபடத்தின் மேல் விளிம்பைப் பார்க்கும்வரை கொம்பாஸையும் தாளையும் சேர்த்து உங்கள் உடம்போடு திருப்புங்கள். அதற்குப் பிறகு நீங்கள் எந்தப் பக்கம் கிறுகினாலும் தாள் வடக்கைவிட்டு அசையக்கூடாது, நீங்கள்தான் அதைச் சுற்றிக் கிறுகவேண்டும். வரைபடத்தைச் சிறிதாக மடித்து, நிற்கும் இடத்தில் பெருவிரல் நகத்தை வைத்துக்கொண்டே போனால், அடுத்த முறை பார்க்கும்போது தாள் முழுக்கத் தேடவேண்டியிருக்காது.

சந்தேகம் வந்தால் எங்கள் ஊரில் ஒரு சுலபமான சோதனை உண்டு. காலையில் கல்லடிக் கடற்கரையில் சூரியனைப் பார்த்து நில்லுங்கள். சிவப்பு முனை ஏறக்குறைய உங்கள் இடதுகைப் பக்கம் காட்டவேண்டும். சூரியன் வருடம் முழுவதும் சரியாகக் கிழக்கில் எழுவதில்லை, 24 பாகைவரை வடக்கே தெற்கே நகரும். ஆனால் வடக்கும் தெற்கும் மாறிப்போயிருந்தால் அதைப் பிடிக்க இது போதும். நண்பகல் சூரியனை மட்டும் நம்பவேண்டாம். பழைய சாரணர் கைநூல்களில் "நண்பகலில் சூரியன் தெற்கில் நிற்கும்" என்று இருக்கும். அது ஐரோப்பாவுக்கு எழுதினது. நாங்கள் இருப்பது 7 பாகைச் சொச்ச வட அகலாங்கில். ஏப்ரல் இரண்டாம் வாரத்திலிருந்து செப்ரெம்பர் தொடக்கம்வரை எங்களுக்கு நண்பகல் சூரியன் வடக்குப் பக்கம் நிற்கும். கைக்கடிகாரத்தை வைத்துத் திசை பார்க்கும் வித்தையும் இதே காரணத்தால் இங்கே காலை வாரிவிடும்.

"ஊசி அசையுது இல்ல, இல்லாட்டி ஒவ்வொரு தடவையும் வேற வேற திசை காட்டுது"

இதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம், மூன்றையும் வேறுபடுத்திப் பார்க்க முடியும்.

முதலாவது, ஊசியின் வால் உள்ளே தட்டில் உரசுவது. வெளிநாட்டிலிருந்து உறவினர் அனுப்பிவைக்கும் நல்ல கொம்பாஸில்தான் இது அதிகம். பூமியின் காந்தப்புலம் எல்லா இடத்திலும் கிடையாக இல்லை. சுவீடன், நோர்வே பக்கம் அது ஊசியின் வடமுனையைத் தரையை நோக்கி நன்றாகக் கீழே இழுக்கும். அதைச் சமப்படுத்த, அங்கே விற்கும் கொம்பாஸ்களின் தென்முனையைக் கொஞ்சம் பாரமாகச் செய்வார்கள். இலங்கையோ காந்த நடுக்கோட்டுக்கு வெகு அருகே இருக்கிறது. இங்கே புலம் கிட்டத்தட்டக் கிடையாக ஓடுகிறது, கீழே இழுக்க எதுவும் இல்லை. ஆகவே அந்தப் பாரமான தென்முனை சும்மா தொங்கி, தட்டில் முட்டிக்கொண்டு நிற்கும்.

சோதிக்க, கொம்பாஸைக் கையில் கிடையாகப் பிடித்து ஒரு முழுச்சுற்று மெதுவாகக் கிறுகுங்கள். ஊசி ஒரே பக்கத்தைக் காட்டிக்கொண்டிருந்தால் சரி. சில இடங்களில் உங்களோடு சேர்ந்து இழுபட்டு வந்து, பிறகு திடீரென்று விடுபட்டால் உரசுகிறது என்று அர்த்தம். பக்கவாட்டில் குனிந்து பார்த்தால் வெள்ளை முனை தாழ்ந்திருப்பது கண்ணுக்கே தெரியும். அவசரத்துக்கு, கொம்பாஸின் தென்பக்கத்தைச் சற்றுத் தாழ்த்திப் பிடித்தால் ஊசி விடுபட்டு ஆடும். நிரந்தர வழி, எங்கள் வலயத்துக்கென்று சமன்செய்த கொம்பாஸோ, எந்த நாட்டிலும் வேலை செய்யும் என்று குறிப்பிட்ட வகையோ வாங்குவதுதான். வெளியிலிருந்து யாராவது கொண்டுவருவதாக இருந்தால் இதைச் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டு நான் ஒரு அழகான கொம்பாஸை மேசை அலங்காரமாக வைத்திருக்கிறேன்.

இரண்டாவது, முனை மாறிப்போவது. ஊசி அழகாக, உறுதியாக, ஒவ்வொரு தடவையும் சரியாகத் தெற்கைச் சிவப்பால் காட்டும். போனோடு, அதிலும் காந்த மூடி போட்ட போனோடு, ஒரே பைக்குள் மாதக்கணக்கில் கிடந்த கொம்பாஸுக்கு இது நடக்கும். அசைவில் எந்தக் குறையும் தெரியாததால் இதுதான் மோசமானது. கடற்கரைச் சோதனையில் உடனே பிடிபடும்.

மூன்றாவது, பக்கத்தில் இரும்பு. முள்ளுக்கம்பி வேலி, மதகின் கொங்கிரீட்டுக்குள் உள்ள கம்பி, மோட்டார் சைக்கிள், மின்கம்பி, சட்டைப் பையில் உள்ள போன். அறிகுறி, ஓர் இடத்தில் மட்டும் ஊசி பிசகும். பத்துப் பதினைந்து அடி தள்ளி நின்று பார்த்தால் திரும்பவும் சரியாகிவிடும். மதகில் நின்று திசை எடுப்பது எங்கள் பிள்ளைகளுக்குப் பிடித்தமான தவறு, ஏனென்றால் அதுதான் ஏறி நிற்க வசதியான இடம்.

வரைபட வடக்குக்கும் காந்த வடக்குக்கும் உள்ள வித்தியாசத்தைப் பற்றிச் சிலர் கவலைப்படுவார்கள். ஓரியன்டியரிங் வரைபடத்தில் கோடுகளே காந்த வடக்குக்குப் போட்டவை, ஆகவே ஒன்றும் கூட்டிக் கழிக்கவேண்டாம். சாதாரண நிலஅளவை வரைபடத்தை வைத்துப் பழகினாலும், எங்கள் பக்கத்தில் அந்த வித்தியாசம் சுமார் 2 பாகைதான். அரைக் கிலோமீற்றருக்கு அது 17, 18 மீற்றர் பிசகைத் தரும். தொடக்கக்காரர் நடந்து பிசகுவது அதைவிடக் கூட.

"மப்பில் வெள்ளையாக் கிடந்தது, வெளி என்று போனன், உள்ள முழுக்க மரம்"

நிறங்களில் எல்லோரும் முதலில் சறுக்குவது இங்கேதான். வெள்ளை என்றால் வெறும் நிலம் இல்லை. வெள்ளை என்பது ஓடக்கூடிய அளவுக்கு அடி துப்புரவாக உள்ள காடு. வெளி நிலத்துக்கு மஞ்சள். இந்த முறை பிறந்து வளர்ந்த நாடுகளில் தரை பெரும்பாலும் காடு, அதனால் காட்டையே தாளின் நிறமாக விட்டுவிட்டார்கள். பச்சை என்பது மரம் இருப்பதைக் காட்டுவதில்லை, ஓட்டம் எவ்வளவு தடைப்படும் என்பதைக் காட்டுகிறது. இளம்பச்சை மெதுவான ஓட்டம், கடும்பச்சை ஈச்சம்பற்றையும் முள்ளும் அடர்ந்து உடம்பை நுழைக்கவே முடியாத இடம். ஒலிவ் பச்சை வேறு கதை: அது வீட்டு வளவு போன்ற, கால் வைக்கக்கூடாத இடம். கால் வைத்தால் போட்டியிலிருந்து நீக்குவார்கள். பயிற்சியில் வளவுக்காரர் நாயை அவிழ்த்துவிடுவார்.

எங்கள் தரைக்கு வேண்டிய மற்றவை கொஞ்சம்தான். மஞ்சளின் மேல் கறுப்புப் புள்ளி வரிசை பயிர்நிலம், அதாவது வட்டை. நீலக் கிடைக்கோடுகள் சதுப்பு. நீலச் சிறு சதுரம் கிணறு. பச்சை வளையம் தனித்து நிற்கும் பெருமரம். கறுப்பு மனிதர் செய்தவையும் பாறையும். பழுப்பு தரையின் உருவம்: மேடு, பள்ளம், மண் அணை. புற்றைச் சிறு மேட்டுக்குரிய பழுப்புப் புள்ளியாகவோ பழுப்புப் பெருக்கல் குறியாகவோ போடுவார்கள். எது என்பதைக் குறி விளக்கப் பெட்டியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

சமவுயரக்கோடுகள் பற்றி இங்கே நான் அதிகம் சொல்லப்போவதில்லை. வழக்கமாக 5 மீற்றருக்கு ஒரு கோடு, தட்டை நிலமென்றால் இரண்டரை மீற்றருக்கு ஒன்று. குடும்பிமலைப் பக்கமோ இங்கினியாகலைப் பக்கமோ போனால் அவைதான் உயிர். கரையோரத்தில் ஒரு வரைபடம் முழுக்க நாலைந்து கோடுகள் கிடைத்தாலே அதிசயம். அதனால்தான் எங்கள் பிள்ளைகளுக்கு வேறு பிரச்சினை. மலை நாட்டுப் பிள்ளை ஏற்ற இறக்கத்தை வைத்துத் தன் இடத்தைப் பிடிக்கும். எங்கள் பிள்ளைக்கு வாய்க்காலும் வரம்பும் வேலியும் வண்டிப்பாதையும்தான் துணை. ஆக, கோடாக நீண்டு கிடப்பவற்றை வைத்தே வழி போடப் பழகவேண்டும்.

"நேர்கோட்டில்தான் போனன் சேர், ஆனா கடைசியாக வந்தன்"

வவுணதீவுப் பக்கம் நாங்கள் பழகும் வரைபடத்திலிருந்து ஒரு துண்டை எடுத்துக் காட்டுகிறேன். அளவுத்திட்டம் 1:10,000, அதாவது ஒரு சென்ரிமீற்றர் தரையில் 100 மீற்றர்.

மூன்றாவது கண்ட்ரோல் கிரவல் வீதியில் ஒரு மதகு. நாலாவது, தென்மேற்கே பற்றைக்குள் ஒரு புற்று. அடிமட்டம் வைத்தால் இடையில் 6.2 சென்ரிமீற்றர், 620 மீற்றர். வீதி மதகிலிருந்து மேற்கே போய் 280 மீற்றரில் ஒரு பெரிய வாய்க்காலைச் சந்திக்கிறது. அந்த வாய்க்கால் தெற்கே ஓடுகிறது, கரையில் வண்டிப்பாதை. 450 மீற்றரில் அது இரண்டாகப் பிரிகிறது. அந்தப் பிரிவிலிருந்து புற்றுக்கு 110 மீற்றர், மேற்கும் தெற்கும் கலந்த பக்கம். வாய்க்காலுக்குக் கிழக்கே முழுக்க வட்டை, மேற்கே மேட்டுநிலப் பற்றை.

பெரும்பாலான பிள்ளைகள் மதகில் நின்று முதலில் பார்ப்பது புற்றை நோக்கிய ஊதாக் கோட்டை. நான் பின்னாலிருந்து பார்க்கச் சொல்கிறேன். புற்று சின்னது, பற்றைக்குள் இருக்கிறது, தூரத்திலிருந்து தெரியாது. அப்படியானால் அதற்குக் கிட்ட, தவறவிடவே முடியாத அடையாளம் எது? வாய்க்கால் பிரிவு. சரி, அங்கே நின்று கடைசி 110 மீற்றரைக் கவனமாகப் போகலாம். இப்போது கேள்வி சுலபமாகிவிட்டது: மதகிலிருந்து பிரிவுக்கு எப்படி வேகமாக வருவது? பிரிவு போன்ற அந்த அடையாளத்தைத் தாவுமிடம் என்று நாங்கள் சொல்லிக்கொள்வோம். முதலில் தாவுமிடம், பிறகுதான் வழி.

வீதியும் வாய்க்கால் கரையுமாக வந்தால் 280, 450, 110, மொத்தம் 840 மீற்றர். நேராகப் போவதைவிட 220 மீற்றர் கூட. ஆனால் முதல் 730 மீற்றரில் கொம்பாஸே தேவையில்லை, முழு வேகத்தில் ஓடலாம், வழியில் தவறவும் முடியாது.

நேர்கோட்டு வழி வட்டைக்குள்ளால் போகிறது. இங்கேதான் மாதம் முக்கியம். பெரும்போகம் விதைத்து நிற்கும்போது அந்த மஞ்சள் நிறத்துக்கு ஒரு பெறுமதியும் இல்லை. சேறு முழங்காலுக்கு, நெல்லை மிதித்தால் வயற்காரரின் சாபமும் சேரும். நல்ல அமைப்பாளர் அந்தக் காலத்தில் வட்டைக்கு மேல் ஊதாக் கோடுகள் போட்டு அடைத்துவிடுவார். ஆனால் அறுவடை முடிந்து தாள்கிடையாகக் கிடக்கும்போது அதே நிலம் விளையாட்டு மைதானம். அப்போது நேர்கோட்டில் ஓடினால் 457 மீற்றரில் வாய்க்காலை வந்து முட்டுவீர்கள். எங்கே முட்டுவீர்கள் என்பதுதான் சுவாரசியம். பிரிவுக்கு ஏறக்குறைய 90 மீற்றர் வடக்கே. அதாவது பிரிவைக் குறிவைக்காமல், வேண்டுமென்றே அதற்கு ஒரு பக்கமாகப் போகிறீர்கள். வாய்க்காலை அடைந்ததும் இடதுபக்கம் திரும்பவேண்டும் என்பது யோசிக்காமலே தெரியும்.

பிரிவையே நேராகக் குறிவைத்திருந்தால்? தொடக்கக்காரர் 5 பாகை பிசகுவது சாதாரணம். மதகிலிருந்து பிரிவுக்கு நேராக 530 மீற்றர், அதற்கு அது 46 மீற்றர் பக்கவாட்டு விலகல். வாய்க்காலைச் செங்குத்தாக அடைந்தால் அவ்வளவுதான். இங்கே சாய்வாக அடைவதால் வாய்க்கால் வழியே அது 75 மீற்றருக்கு மேல் நீளும். வாய்க்காலில் நிற்கிறீர்கள், பிரிவைக் காணோம், இடமா வலமா? காசு சுண்டிப் போடவேண்டியதுதான். 90 மீற்றர் தள்ளிப் போனவருக்கு அந்தக் கேள்வியே வராது.

கொம்பாஸில் அந்தத் திசையை எடுப்பது இப்படி. தட்டின் நீண்ட விளிம்பை மதகிலிருந்து புற்றுக்கு வையுங்கள், போகும் திசை அம்பு புற்றுப் பக்கம் பார்க்கவேண்டும். தாளை அசைக்காமல், சுழலும் வட்டத்தைத் திருப்பி அதனுள்ளே உள்ள கோடுகளை வரைபடத்தின் வடக்குக் கோடுகளோடு இணையாக்குங்கள், வட்டத்தின் வடக்குக் குறி வரைபடத்தின் வடக்கைப் பார்க்கட்டும். இந்தத் துண்டுக்கு 218 பாகை அளவில் வரும். இப்போது கொம்பாஸை நெஞ்சுக்கு நேரே பிடித்து, சிவப்பு முனை வடக்குக் குறிக்குள் வந்து உட்காரும்வரை உடம்போடு கிறுகுங்கள். அம்பு காட்டும் பக்கம் தூரத்தில் ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு அதுவரை ஓடுங்கள். கண்ணை ஊசியிலேயே வைத்து ஓடினால் வரம்பில் தடுக்கி விழுவது உறுதி. ஒருவர் 38 பாகையில் நேர் எதிரே ஓடியிருந்தால், அம்பையோ வடக்குக் குறியையோ தலைகீழாக வைத்துவிட்டார், வேறொன்றும் இல்லை. 218க்கும் 38க்கும் வித்தியாசம் சரியாக 180.

"தூரம் சரியா எண்ணினன், ஆனா இன்னும் வரல்ல"

பிரிவிலிருந்து புற்றுக்கு 110 மீற்றரை எதை வைத்து அளப்பது? காலை வைத்துத்தான். ஒரே கால் நிலத்தில் படும்போது மட்டும் எண்ணுங்கள், அதை இரட்டையடி என்போம். மைதானத்தில் 100 மீற்றர் அளந்து மூன்று தடவை ஓடியும் மூன்று தடவை நடந்தும் எண்ணி, உங்கள் எண்ணிக்கையை வரைபடத்தின் ஓரத்தில் எழுதிவையுங்கள். நடந்தால் 60 முதல் 66 வரையும், மெதுவாக ஓடினால் 40 சொச்சமும் பொதுவாக வரும். பற்றைக்குள் அடி குறுகும், மைதானத்தில் 40 என்றால் அங்கே 50 ஆகலாம். ஆகவே பற்றையிலும் ஒரு தடவை அளந்து பாருங்கள். மணலில் இன்னும் வேறு.

எண்ணிக்கை ஒரு தடவை குறைந்து ஒரு தடவை கூடினால் குற்றம் காலில். ஒவ்வொரு தடவையும் ஒரே விகிதத்தில், எல்லாப் பிள்ளைகளுக்கும் குறைந்தே வந்தால் தாளைச் சந்தேகியுங்கள். ஒரு தடவை எங்களுக்கு நடந்தது இது. போட்டோக்கொப்பிக் கடையில் வரைபடத்தைத் தாளுக்குள் அடங்கும்படி தானாகச் சுருக்கி அச்சடித்திருந்தார்கள். பார்வைக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. 600 மீற்றர் தூரம் தாளில் 6 சென்ரிமீற்றருக்குப் பதிலாக 5.6 சென்ரிமீற்றராக இருந்தது. பிள்ளைகள் 560 மீற்றர் என்று கணக்குப் போட்டு 40 மீற்றர் முன்னாலேயே நின்று தேடினார்கள். அரை நாள் அவர்களைத் திட்டிய பிறகுதான் அளவுக்கோட்டின் மேல் அடிமட்டத்தை வைத்துப் பார்த்தேன். இப்போது அச்சுத் தாள் கைக்கு வந்ததும் முதல் வேலை அதுதான். 1:10,000 வரைபடத்தில் வடக்குக் கோடுகளை முறைப்படி 300 மீற்றர் இடைவெளியில் போட்டிருந்தால் அவற்றுக்கிடையே 3 சென்ரிமீற்றர் இருக்கவேண்டும், அதையும் பார்க்கலாம்.

"வட்டத்துக்குள்ளதான் நிக்கிறன், கொடி இல்ல"

1:10,000 வரைபடத்தில் கண்ட்ரோல் வட்டம் ஏழரை மில்லிமீற்றர் அகலம். தரையில் அது 75 மீற்றர், ஒரு பாடசாலை மைதானத்தின் பெரும்பகுதி. வட்டத்துக்குள் நிற்பது என்றால் அந்தளவுக்குத்தான் நிச்சயம். கொடி வட்டத்தின் நடுவில் உள்ள அடையாளத்தில், அதுவும் அதன் ஒரு பக்கத்தில் இருக்கும்.

முதலில் கண்ட்ரோல் விவரத்தை வாசியுங்கள். எட்டுக் கட்டங்கள் கொண்ட அந்தச் சின்ன அட்டவணையைப் பிள்ளைகள் பார்ப்பதே இல்லை. முதற்கட்டத்தில் வரிசை எண், அடுத்ததில் கண்ட்ரோலின் குறியெண். நாலாவதில் அது என்ன அடையாளம் என்பது. ஏழாவதில், அந்த அடையாளத்தின் எந்தப் பக்கத்தில் கொடி தொங்குகிறது என்பது. எங்கள் நாலாவது கண்ட்ரோலுக்கு அந்தக் கட்டத்தில் தெற்குப் பக்கம் என்று இருந்தது. ஆளுயரப் புற்று, நாங்கள் வருவதோ வடகிழக்கிலிருந்து. கொடி புற்றுக்குப் பின்னால். ஒரு பையன் புற்றிலிருந்து மூன்று மீற்றரில் நின்று "சேர், கொடியை யாரோ களவெடுத்திட்டாங்க" என்று கூவினான்.

இரண்டாவது, கொடி இருக்கிறது, ஆனால் எண் வேறு. குறியெண்கள் 31இலிருந்து தொடங்குவதே வரிசை எண்ணோடு குழம்பாமலிருக்கத்தான். 47 தேட வந்தவர் 46ஐக் கண்டால் பஞ்ச் அடிக்கக்கூடாது, கண்டதை ஒரு செய்தியாக எடுத்துக்கொள்ளவேண்டும். எங்கள் தரையில் இதன் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: ஒரே மாதிரி இரண்டு. இரண்டு புற்று, இரண்டு வாய்க்கால், இரண்டு வேலி. பிரிவு என்று நினைத்து ஒரு சிறு கிளை வாய்க்காலில் திரும்பியிருப்பீர்கள், அங்கிருந்து செய்ததெல்லாம் சரியாகவே செய்து, சரியாகவே வேறு புற்றுக்கு வந்திருப்பீர்கள். கண்டுபிடிக்கும் வழி, பொருந்தாத ஒன்றைத் தேடுவது. மனித மனம் பொருந்துவதைத்தான் தேடும். புற்று இருக்கிறது, பற்றை இருக்கிறது, ஆகவே இதுதான் என்று முடிவுகட்டும். அதை மறித்து, வரைபடத்தில் இங்கே வேறென்ன இருக்கவேண்டும் என்று கேளுங்கள். புற்றுக்கு வடக்கே 50 மீற்றரில் பெருமரம் ஒன்று இருக்கவேண்டும் என்றால், அது இருக்கிறதா? இல்லையென்றால் இது அந்தப் புற்று இல்லை.

மூன்றாவது, ஒன்றும் இல்லை, புற்றும் இல்லை. அப்போது சுற்றித் தேடவேண்டாம். வட்டமடிக்கத் தொடங்கினால் நிற்கும் இடமும் தொலைந்துவிடும். வந்த திசைக்கு நேர் எதிர்த் திசையில் வாய்க்கால் பிரிவுக்குத் திரும்பி, நடந்து, எண்ணி, மறுபடி வாருங்கள். இரண்டு நிமிடம் போகும். பற்றைக்குள் துழாவினால் இருபது நிமிடம் போகும்.

"எங்க நிக்கிறன் என்றே தெரியல்ல"

நில்லுங்கள். வரைபடத்தை வடக்குக்குத் திருப்புங்கள். கடைசியாக நிச்சயமாகத் தெரிந்த இடம் எது, அங்கிருந்து எவ்வளவு நேரம் எந்தப் பக்கம் வந்தீர்கள் என்று பாருங்கள். அதிலிருந்து நிற்கக்கூடிய இடம் ஒரு வட்டமாகக் கிடைக்கும், அதைத் தாண்டி இருக்க முடியாது. அந்த வட்டத்துக்கு வெளியே நீளமாகக் கிடக்கும் ஒன்றை நோக்கிப் போங்கள். வவுணதீவுப் பக்கம் என்றால் வாய்க்கால், கிரவல் வீதி, எல்லாவற்றுக்கும் மேலாக வாவி. நான் புறப்படுமுன் பிள்ளைகளுக்குச் சொல்வது ஒரே வரி: ஒன்றும் தெரியாவிட்டால் ஊசியைப் பார்த்துக் கிழக்கே நட, ஆறு வரும். வாவியை எங்கள் ஊரில் ஆறு என்றுதான் சொல்வோம்.

படுவான்கரையில் யானை வரும். பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு யாரும் பற்றைக்குள் இருக்கக்கூடாது என்பது எங்கள் கட்டாய விதி. ஆகவே ஒருவர் விளையாட்டை இடையில் விட்டாலும் முடிவிடத்துக்கு வந்து பெயரைச் சொல்லிவிட்டுத்தான் போகவேண்டும். ஒரு தடவை ஒரு தம்பி நாலாவது கண்ட்ரோலோடு வெறுத்துப்போய், வீதிக்கு ஏறி, வந்த பஸ்ஸில் வீட்டுக்குப் போய்விட்டான். நாங்கள் ஆறு பேர் டோர்ச்சோடு வாய்க்கால் கரையில் அவன் பெயரைக் கூவிக்கொண்டு நடந்தோம். அவனுடைய அம்மா போன் எடுத்தபோது மணி ஏழு. "சேர், அவன் சாப்பிட்டுட்டுப் படுத்திட்டான், என்ன விசயம்?"